சென்டர் லைன் கணக்கு இடிக்கிறதா? வித்தியாசத்தை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

ஒற்றை அறைக்கு சென்டர் லைன் முறையில் யாரும் தப்புவிடுவதில்லை. நாலு பக்கத்தின் மையக்கோட்டையும் கூட்டி, அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் முடிந்தது. உள்ளே குறுக்குச் சுவர்கள் வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே பிளானை இரண்டு பேர் போட்டால் இரண்டு நீளம் வரும். யார் கணக்கு சரி என்று தெரியாமல் முதலிலிருந்து போட்டால், பல சமயம் மூன்றாவதாக ஒரு நீளம் வந்து நிற்கும்.

மறுபடி போடுவதற்கு முன்னால் வித்தியாசத்தைப் பாருங்கள். அது எவ்வளவு, வானத்திலும் (அஸ்திவாரக் குழி) சுவரிலும் ஒரே மாதிரி வருகிறதா, அரை அகலத்தால் வகுபடுகிறதா என்று மூன்றையும் பார்த்தால், தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே ஒரே வீட்டை வைத்து ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கிறேன்.

## கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வீடு

தூண், பீம் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடு. வெளிச்சுவர்களின் மையத்துக்கு மையம் அளவு 9.00 மீட்டருக்கு 7.50 மீட்டர். வீட்டின் நடுவே, முன்சுவருக்கு இணையாக ஒரு சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறது. அது வீட்டை முன்பக்கம் 4.00, பின்பக்கம் 3.50 என்று பிரிக்கிறது. முன்பக்கத்தில் ஹாலையும் படுக்கையறையையும் பிரிக்க ஒரு சுவர், மேற்கு மையக்கோட்டிலிருந்து 5.40 மீட்டரில் வருகிறது. பின்பக்கத்தில் இரண்டு சுவர்கள், ஒன்று 3.00 மீட்டரில், மற்றொன்று 5.40 மீட்டரில். ஆக 5.40-இல் முன் தடுப்பும் பின் தடுப்பும் நேருக்கு நேர் வந்து, நடுச்சுவரோடு கூட்டல் குறி போலச் சேர்கின்றன. எல்லாமே ஒன்பது இன்ச் சுவர், அதாவது 0.23 மீட்டர்.

மையக்கோட்டு நீளம்: வெளிச்சுவர் 33.00, நடுச்சுவர் 9.00, முன் தடுப்பு 4.00, பின் தடுப்புகள் இரண்டும் சேர்ந்து 7.00. மொத்தம் 53.00 மீட்டர்.

ஒரு சுவர் இன்னொரு சுவரில் முட்டுகிற ஒவ்வொரு இடத்திலும், முட்டுகிற சுவரின் மையக்கோடு மற்றதன் நடு வரைக்கும் போயிருக்கும். அந்த அரை அகலம் ஏற்கனவே மற்ற சுவரின் கணக்கில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முட்டுக்கும் அரை அகலம் கழிக்க வேண்டும். இந்த வீட்டில் அப்படி 8 முட்டு.

```
நீளம் = 53.00 - 8 x b/2
```

இதில் b என்பது அந்தந்த மட்டத்தின் அகலம். வானமும் அதன் அடியில் போடும் பி.சி.சி.யும் 0.90, கருங்கல் கட்டு 0.60, பேஸ்மட்டம் வரை செங்கல் 0.35, மேல் சுவர் 0.23 என்று வைத்துக்கொள்வோம்.

| மட்டம் | அகலம் | நீளம் |
|---|---|---|
| வானம், பி.சி.சி. | 0.90 | 49.40 |
| கருங்கல் கட்டு | 0.60 | 50.60 |
| பேஸ்மட்டச் செங்கல் | 0.35 | 51.60 |
| மேல் சுவர் | 0.23 | 52.08 |

## எதோடு ஒப்பிடுவது

வழக்கமாக லாங் வால் - ஷார்ட் வால் முறையில் போட்டுச் சரிபார்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எந்தச் சுவர் எதில் முட்டுகிறது என்று அங்கும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சென்டர் லைனில் ஒரு முட்டைத் தவறாகப் பார்த்தவர் அங்கேயும் அதைத் தவறாகவே பார்ப்பார். இரண்டு விடையும் ஒத்துப்போகும், இரண்டுமே தப்பாக இருக்கும்.

அதனால் பரப்பளவை வைத்துச் சரிபார்ப்பதே எனக்குப் பிடிக்கும். வீட்டின் வெளிவிளிம்புப் பரப்பிலிருந்து அறைகளின் உட்பரப்பைக் கழித்தால் மிஞ்சுவது சுவர் நிற்கும் இடம். அதைச் சுவர் அகலத்தால் வகுத்தால் நீளம் வந்துவிடும். மூலை, முட்டு எதையும் எண்ண வேண்டியதே இல்லை.

மேல் சுவரில் வெளியளவு 9.23 பெருக்கல் 7.73, அதாவது 71.3479 சதுர மீட்டர். முன் அறைகளின் உள்ளளவு 5.17-ம் 3.37-ம், ஆழம் 3.77. பரப்பு 32.1958. பின் அறைகள் 2.77, 2.17, 3.37, ஆழம் 3.27. பரப்பு 27.1737. கழித்தால் மிச்சம் 11.9784. அதை 0.23-ஆல் வகுத்தால் 52.08. அட்டவணையில் இருக்கும் அதே எண்.

வானத்துக்கும் இதே கணக்குதான். இங்கே 'அறை' என்பது வானங்களுக்கு நடுவே தோண்டாமல் நிற்கும் மண் திட்டு. வெளியளவு 9.90 பெருக்கல் 8.40, அதாவது 83.16. திட்டுகள் முன்னே 7.20 பெருக்கல் 3.10, பின்னே 6.30 பெருக்கல் 2.60, சேர்த்தால் 38.70. மிச்சம் 44.46. 0.90-ஆல் வகுத்தால் 49.40.

ஒரு எச்சரிக்கை. அரை அகலமான 0.115-ஐ 0.12 என்று முன்கூட்டியே முழுமையாக்கிவிட்டால் எட்டு முட்டுக்கு 4 சென்டிமீட்டர் ஓடிப்போகும். பிறகு இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஐ.எஸ். 1200 நீள அளவை 0.01 மீட்டருக்கு எடுக்கச் சொல்கிறது என்பது உண்மைதான். அந்த முழுமையாக்கலைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நீளத்தை இந்த நீளத்தோடு வையுங்கள். ஒரு மட்டத்தில் மட்டும் வைத்தால் போதாது, வானத்திலும் மேல் சுவரிலும் வையுங்கள்.

## அறிகுறி: நீளம் கூட வருகிறது, வித்தியாசம் அரை அகலத்தால் மீதியில்லாமல் வகுபடுகிறது

வானத்துக்கு உங்களுக்கு 50.30 வந்திருக்கிறது என்று வையுங்கள். சரியான விடை 49.40. வித்தியாசம் 0.90. அரை அகலம் 0.45. வகுத்தால் 2. மேல் சுவரில் 52.31 வந்திருக்கும், அங்கே வித்தியாசம் 0.23. அதை 0.115-ஆல் வகுத்தாலும் 2. இரண்டு மட்டத்திலும் அதே முழு எண் வந்தால் அடிப்படை நீளத்தில் பழுதில்லை. முட்டுகளில் இரண்டை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

விட்டுப்போன இரண்டு எங்கே இருக்கும்? முதலில் கூட்டல் சந்திப்பைப் பாருங்கள். 'ஒரு சுவர் நேராகக் கடந்துதானே போகிறது, எதுவும் முட்டவில்லையே' என்று அதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். ஆனால் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், 0.90-க்கு 0.90 சதுரம் முழுவதும் இரண்டு முறை கணக்கில் ஏறியிருக்கிறது. அதனால் ஒரு முழு அகலம், அதாவது இரண்டு அரை அகலம் கழிய வேண்டும். விடை 1 என்று வந்தால் அந்தக் கூட்டலை ஒரே முட்டாக எண்ணியிருக்கிறீர்கள்.

இந்தக் குழப்பமே வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. சந்திப்புகளை எண்ணாமல் உள்சுவர்களின் முனைகளை எண்ணுங்கள். நடுச்சுவர் ஒரே துண்டு, அதற்கு முனை இரண்டு. முன் தடுப்பு ஒரு துண்டு, முனை இரண்டு. பின் தடுப்புகள் இரண்டு துண்டு, முனை நாலு. ஆக எட்டு. நடுச்சுவர் அறுபடாமல் போகிறது, மற்றவை எல்லாம் அதில் வந்து முட்டி நிற்கின்றன என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் கூட்டல் சந்திப்பு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். பிளானில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு முனையிலும் ஒரு புள்ளி வைத்தால் இன்னும் நல்லது. புள்ளிகளை வேறொருவர் எண்ணிச் சொல்லலாம்.

எல்லா முனையும் முட்டாது. வராந்தாவில் ஒரு மீட்டர் நீட்டிவிட்டு அந்தரத்தில் முடிகிற சுவருக்கு ஒரு முனையில்தான் முட்டு. மறுமுனையில் கழிக்க எதுவும் இல்லை, ஆனால் அந்தச் சுவரின் மையக்கோட்டைச் சுவர் உண்மையில் முடியும் இடம் வரை எடுத்திருக்க வேண்டும். கீழே வானம் சுவரைத் தாண்டியும் நீளும். அந்தத் தாண்டலை அந்த மட்டத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நீளம் குறைகிறது, வகுத்தால் 4 வருகிறது

வானம் 47.60, மேல் சுவர் 51.62 என்று வந்தால் குறைவு முறையே 1.80-ம் 0.46-ம். இரண்டையும் அந்தந்த அரை அகலத்தால் வகுத்தால் 4. வீட்டுக்கு வெளிமூலைகள் நாலு. மூலைக்கும் அரை அகலம் கழித்திருக்கிறீர்கள்.

மூலையிலும் இரண்டு சுவர்கள் சேர்கின்றனவே, அங்கே ஏன் கழிக்கக்கூடாது என்று கேட்பது நியாயமான கேள்வி. தளத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது இதைக் காட்டிவிடலாம். வானத்தின் மூலை 0.90-க்கு 0.90 சதுரம். முன்சுவரின் மையக்கோடு பக்கச் சுவரின் மையக்கோட்டைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அதனால் அந்தச் சதுரத்தில் உட்பக்கப் பாதியைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. பக்கச் சுவரும் அதேபோல் தன் பங்குக்கு உட்பக்கப் பாதியை எடுத்துக்கொள்கிறது. இரண்டு பாதியும் உள்மூலையில் 0.45-க்கு 0.45 அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதே நேரம், வெளிமூலையில் 0.45-க்கு 0.45 யார் கணக்கிலும் வராமல் கிடக்கிறது. கூடியதும் குறைந்ததும் ஒரே அளவு. கழித்தால் அந்த வெளிமூலை மண்ணைத் தோண்டியவருக்குக் கூலி கிடைக்காது.

"சார், கையில தோண்டுன மூலை உங்க புக்குல காணோமே" என்று மேஸ்திரி கேட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

'எல்' வடிவ வீட்டில் உள்வாங்கிய மூலை ஒன்று வரும். அதற்கும் திருத்தம் இல்லை. ஆனால் வெளிச்சுவர்களில் ஒன்று அந்த மூலையோடு நிற்காமல் உள்ளே தொடர்ந்து அறைச் சுவராகப் போனால் அது மூலை அல்ல, முட்டு. 'எல்' வீடுகளில் விடை ஒன்று கூடவோ குறையவோ வந்தால் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

சுவர்கள் செங்கோணத்தில் சேராத மனைகளிலும் இரண்டு சுவரும் ஒரே அகலமாக இருந்தால் மூலைக்குத் திருத்தம் தேவையில்லை. ஆனால் சாய்ந்து முட்டும் குறுக்குச் சுவருக்கு அரை அகலம் போதாது. அதைக் கோணத்தின் சைனால் வகுத்துக் கழிக்க வேண்டும். 60 டிகிரியில் முட்டினால் 0.45-க்குப் பதில் 0.52.

## அறிகுறி: ஒரு மட்டம் மட்டும் சரியாக இருக்கிறது

வானம் 49.40 சரியாக வந்துவிட்டது. மேல் சுவருக்கும் அதே 49.40 நிற்கிறது. அல்லது மேல் சுவரில் 52.08 சரி, வானத்திலும் 52.08.

ஒருமுறை கழித்த நீளத்தையே எல்லா மட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போனதன் விளைவு இது. மேலே போகப்போக அகலம் குறைகிறது, அதனால் கழிவும் குறைகிறது, நீளம் கூட வேண்டும். கீழிருந்து மேலே நீளம் ஏறாமல் ஒரே எண் நாலு வரியிலும் நின்றால் பார்த்தவுடனே சந்தேகப்படலாம். குறுக்குச் சுவரே இல்லாத கட்டடத்தில் மட்டும்தான் ஒரே நீளம் எல்லா மட்டத்துக்கும் பொருந்தும். காம்பவுண்டுச் சுவர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வித்தியாசம் 2.68 மீட்டர். இதை (0.90 - 0.23)/2, அதாவது 0.335-ஆல் வகுத்தால் 8. எட்டு முட்டும் எண்ணப்பட்டிருக்கின்றன, ஆனால் வேறு மட்டத்தின் அகலத்தோடு.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு இது வேறு வழியாக வரும். முதல் வரியில் ஃபார்முலா எழுதி, கீழே இழுக்கும்போது நகரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுவார்கள்:

```
=$B$2-$C$2*$D$2/2
```

B2-இல் 53.00, C2-இல் 8, D வரிசையில் அகலங்கள். மொத்த நீளமும் முட்டு எண்ணிக்கையும் பூட்டப்பட வேண்டியவைதான். அகலம் அப்படியில்லை:

```
=$B$2-$C$2*D2/2
```

முதல் வரி வானம் என்பதால் 0.90 பூட்டிக்கொண்டு, மேலே உள்ள எல்லா மட்டத்திலும் நீளம் குறைந்துவிடும். 3 மீட்டர் உயரச் சுவரில் இந்த 2.68 மீட்டர், கதவு ஜன்னல் கழிக்கும் முன்னால், 1.85 கன மீட்டர் செங்கல் கட்டு. எஸ்டிமேட்டில் இப்படிக் குறைந்தால், வேலை நடக்கும்போது 'செங்கல் ஏன் பத்தவில்லை' என்று கேள்வி வரும். அப்போது யாரும் இந்த டாலர் குறியை நினைக்கமாட்டார்கள், செங்கல் களவு போனதா என்றுதான் பார்ப்பார்கள்.

## அறிகுறி: எல்லா மட்டத்திலும் ஒரே அளவு கூடுகிறது

இந்த வீட்டையே வைத்து ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மேல் சுவரில் ஒருவருக்கு 53.00 வருகிறது. சரியான விடை 52.08. கூடுதல் 0.92. அரை அகலமான 0.115-ஆல் வகுத்தால் துல்லியமாக 8. 'எட்டு முட்டையும் கழிக்க மறந்துவிட்டார்' என்று உடனே சொல்லத் தோன்றும்.

ஆனால் அவர் வானத்துக்குப் போட்டது 50.32. அங்கேயும் கூடுதல் 0.92-தான். 0.45-ஆல் வகுத்தால் 2.04. முட்டை மறந்திருந்தால் அங்கே 3.60 கூடியிருக்க வேண்டும்.

அகலம் மாறியும் கூடுதல் மாறவில்லை என்றால் தப்பு முட்டில் இல்லை, அடிப்படையான 53.00-இல் இருக்கிறது. இவர் வெளிச்சுவரின் மையக்கோட்டுக்குப் பதிலாக வெளிமுகத்தை அளந்திருக்கிறார். 9.23-ம் 7.73-ம் கூட்டி இரண்டால் பெருக்கி 33.92. சுற்றளவில் நாலு சுவர் அகலம் கூடிவிட்டது. நாலு முழு அகலமும் எட்டு அரை அகலமும் ஒன்றுதான் என்பதால், மேல் சுவரை மட்டும் பார்த்தால் இரண்டு தப்பையும் பிரித்தறிய முடியாது. இரண்டு மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். வீட்டுக்காரர் கையில் இருக்கும் பிளானில் பெரும்பாலும் அறையின் உள்ளளவுதான் இருக்கும். முன் அறைகளின் 5.17-ஐயும் 3.37-ஐயும் கூட்டி 8.54, அதோடு நடுவில் ஒரு சுவர் 0.23 சேர்த்து 8.77 என்று நிறுத்திவிடுவார்கள். அது முகத்துக்கு முகம் உள்ள தூரம். இரண்டு பக்கமும் அரைச் சுவர் சேர்த்தால்தான் 9.00. பின்வரிசையை வைத்துச் சோதியுங்கள்: 2.77, 2.17, 3.37 கூட்டினால் 8.31, உள்ளே இரண்டு சுவருக்கு 0.46, இரு கோடியிலும் அரை அரையாக 0.23. இதுவும் 9.00 வர வேண்டும். முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே எண்ணைத் தராவிட்டால் மேலே போகவே வேண்டாம், பிளானே இடிக்கிறது.

சில சென்டிமீட்டர் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால் பூச்சைச் சந்தேகியுங்கள். பிளானில் போட்டிருப்பது பூசி முடித்த அறையின் அளவாக இருந்தால், 12 மில்லிமீட்டர் பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு அறைக்கும் 24 மில்லிமீட்டர் தின்றிருக்கும்.

## அறிகுறி: தடுப்புச் சுவர் வந்த பிறகு எதுவும் வகுபடவில்லை

பின்பக்க நடு அறையைக் குளியலறை, கழிப்பறை என்று பிரிக்க ஒரு நாலரை இன்ச் தடுப்பு போடுகிறோம். இருபுறமும் ஒன்பது இன்ச் சுவர்கள், மையத்துக்கு மையம் 2.40. அந்தத் தடுப்பின் நீளம் என்ன?

2.285 என்று பல கணக்குகளில் பார்க்கலாம். தடுப்பின் சொந்த அகலத்தில் பாதியை, அதாவது 0.0575-ஐ இரண்டு பக்கமும் கழித்து வந்த எண் அது. 'அரை அகலம் கழி' என்று மனப்பாடம் செய்தவர்கள், யாருடைய அகலம் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். எல்லாச் சுவரும் ஒரே அகலமாக இருந்தவரை அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. கழிக்க வேண்டியது எதில் முட்டுகிறதோ அதன் அரை அகலம். 2.40-இல் இரண்டு 0.115 போனால் 2.17. அறையின் உள்ளளவும் அதுதானே.

இந்தத் தடுப்பை 53.00-ஓடு சேர்க்காதீர்கள். அகலம் வேறு என்றால் கணக்கும் வேறு. அரைக்கல் சுவரை எப்படியும் சதுர மீட்டரில்தான் அளப்பார்கள், ஒன்பது இன்ச் சுவரோடு கன மீட்டரில் சேராது.

மேல் சுவரில் இந்தத் தப்பு சிறியது. அஸ்திவாரத்தில்தான் அது சுவாரசியமாகிறது. தடுப்புக்கு 0.45 அகலத்தில் 0.30 ஆழத்துக்கு மட்டும் தோண்டி, அதில் 0.15 பி.சி.சி. போடுகிறோம் என்று வையுங்கள். பெரிய சுவரின் வானம் 0.90 அகலம், 0.90 ஆழம். தோண்டும்போது தடுப்பின் குழி பெரிய வானத்தின் விளிம்பில் முடிகிறது. 2.40-இல் 0.90 போக 1.50.

பி.சி.சி.க்கும் அதே 1.50 என்று எழுதினால் தப்பு. பெரிய சுவரின் பி.சி.சி. 0.90 அகலம்தான், ஆனால் அது தரைக்கு 0.75 கீழே கிடக்கிறது. தடுப்பின் பி.சி.சி. படுக்கும் மட்டத்தில், தரைக்கு 0.15-இலிருந்து 0.30 வரை, பெரிய சுவரில் இருப்பது 0.60 அகலக் கருங்கல் கட்டு. தடுப்பின் பி.சி.சி. போய் முட்டுவது அந்தக் கருங்கல்லில். 2.40-இல் 0.60 போக 1.80.

ஆக ஒரே தடுப்புக்குத் தோண்டலில் 1.50, பி.சி.சி.யில் 1.80, சுவரில் 2.17. கழிக்கும் அகலத்தை 'பி.சி.சி.க்கு பி.சி.சி., கல்லுக்குக் கல்' என்று பெயர் பார்த்து எடுக்கக்கூடாது, அந்த உயரத்தில் எதிரே என்ன நிற்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கிறுக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். அந்த 1.80-இல் இரு முனையிலும் 0.15 மீட்டர், பெரிய வானத்தைத் திரும்ப நிரப்பிய மண்ணின்மேல் உட்காருகிறது. அங்கே தண்ணீர் விட்டுத் திமிசு போடாவிட்டால், பின்னால் தடுப்புச் சுவர் பெரிய சுவரோடு சேருமிடத்தில் கீறல் விடலாம்.

## அறிகுறி: பேப்பரில் எல்லாம் ஒத்துப்போகிறது, டேப் வைத்தால் இல்லை

சென்டர் லைன் 49.40, பரப்பளவும் 49.40. தளத்தில் அளந்தால் ஒரு மீட்டர் குறைகிறது. மேல் சுவரில் சண்டை இல்லை, கீழே இறங்க இறங்கத்தான் வித்தியாசம்.

மனையின் எல்லையைப் பாருங்கள். மேற்குச் சுவரைச் சரியாக எல்லைக் கோட்டில் எழுப்பியிருந்தால் அதன் வானம் பக்கத்து மனைக்குள் நீள முடியாது. தோண்டும் ஆள் கோட்டை உள்ளே தள்ளியிருப்பார். சுவரும் வானமும் எல்லைப் பக்கம் ஒரே விளிம்பில் நிற்க, வானத்தின் மையம் மட்டும் சுவரின் மையத்திலிருந்து 0.45 கழித்தல் 0.115, அதாவது 0.335 மீட்டர் உள்ளே வந்துவிடும்.

அந்தச் சுவரைத் தொடுபவை மூன்று: முன்சுவர், நடுச்சுவர், பின்சுவர். மூன்றும் வான மட்டத்தில் 0.335 குறையும். 53.00 அங்கே 51.995 ஆகும். முட்டுக்கான 3.60 போனால் 48.395. கருங்கல் மட்டத்தில் நகர்வு 0.185, பேஸ்மட்டத்தில் 0.06, மேல் சுவரில் ஒன்றுமில்லை.

வித்தியாசம் 1.005-ஐ 0.335-ஆல் வகுத்தால் 3 வரும். முன்னே ஒரே நீளத்தை எல்லா மட்டத்துக்கும் போட்டவருக்கு இதே வகுத்தலில் 8 வந்தது. 8 வந்தால் முட்டுகள், 3 வந்தால் எல்லைச் சுவரைத் தொடும் சுவர்கள். பரப்பளவுச் சோதனை இந்தத் தப்பைத் தானாகக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் நீங்கள் அதற்குக் கொடுத்த வெளியளவே 9.90 என்ற கற்பனை அளவு. தளத்தில் அது 9.565. அந்த எண்ணைக் கொடுத்துப் போட்டால் சோதனையும் 48.395 என்றே சொல்லும்.

## அறிகுறி: ஒரு துண்டுச் சுவருக்கு மைனஸ் வருகிறது

மொத்தமாகப் போடும்போது இது கண்ணில் படாது, துண்டு துண்டாகப் போட்டால்தான் தெரியும். அடுத்தடுத்து இரண்டு சுவர்கள் 0.80 மையத்துக்கு மையம் நிற்க, அவற்றுக்கு நடுவே ஒரு குறுக்குச் சுவர் வந்தால், வான மட்டத்தில் அதன் நீளம் 0.80 கழித்தல் 0.90. மைனஸ் 0.10. அந்த இரண்டு வானமும் ஏற்கனவே ஒன்றோடொன்று கலந்துவிட்டன, நடுவில் தோண்ட மண்ணே இல்லை. குறுக்குச் சுவரின் மைனஸ் மட்டும் பிரச்சினை இல்லை, இணையாகப் போகும் இரண்டு வானங்களும் 0.10 அகலத்துக்கு இரண்டு முறை கணக்கில் இருக்கின்றன.

இங்கே அரை அகலத் திருத்தம் எதுவும் உதவாது. அந்தப் பகுதியை மட்டும் சென்டர் லைனிலிருந்து வெளியே எடுத்து, வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 1.70 அகலமுள்ள ஒரே குழியாகப் பரப்பளவில் போடுங்கள். மேல் மட்டங்களில், சுவர்கள் பிரிந்து நிற்கும் இடத்திலிருந்து மறுபடி சென்டர் லைனுக்குத் திரும்பலாம்.

மைனஸ் வராமல் நடுவில் 0.20, 0.30 மீட்டர் மண் திட்டு மிஞ்சுகிறது என்றாலும் தளத்தில் அது நிற்காது. ஈர மண்ணில் இரண்டு பக்கமும் தோண்டியதும் சரிந்துவிடும், ஆள் முழுவதையும் வாரிப்போட்டுவிடுவார். அதற்குப் பணம் உண்டா இல்லையா என்பதைத் தோண்டும் முன்னாலேயே பேசி, எம் புக்கில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.